முகவரிச் சான்றாக மின் கட்டண பில்: வங்கி எதை எதோடு ஒப்பிடுகிறது?

கேள்வி: "ஜனவரியில் கோவையில் வாங்கிய வீட்டுக்குக் குடிவந்தேன். ஆதாரில் இன்னும் மதுரை முகவரிதான் இருக்கிறது. புதுக் கணக்குத் தொடங்க மே 14 அன்று மின் கட்டண பில்லைக் கொடுத்தேன். பில் பழையது, பெயர் சரியாக இல்லை, முகவரி படிவத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அன்று காலைதான் பதிவிறக்கி அச்செடுத்தேன், எப்படிப் பழையதாகும்? பில்லில் தேதி மார்ச் 12, பெயர் கே. செந்தில் குமார். படிவத்தில் செந்தில்குமார் கந்தசாமி என்று எழுதினேன். பில்லில் மனை எண் இருக்கிறது, நான் எழுதியது கதவு எண். இதில் எங்கே தவறு?"

பதில்:

வங்கியில் கணக்குத் தொடக்கப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையில் 18 ஆண்டுகள் இருந்தேன். உங்கள் மூன்று சிக்கல்களையும் ஒரே பில்லில் பலமுறை பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதலாவது விதி, அதில் கிளைக்கு விருப்புரிமை இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் அதிகாரியின் தீர்ப்பு. அங்கே நீங்கள் பேசிப் புரியவைக்க இடம் இருக்கிறது.

முதலில் அந்த பில் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகளில் அதிகாரபூர்வ ஆவணங்கள் என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். மின் கட்டண பில் இந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் கொடுக்கும் ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ இப்போதைய முகவரி இல்லாதபோது, அந்த ஒரு குறையை மட்டும் நிரப்புவதற்கு வேறு சில தாள்களை ஏற்கலாம் என்று ஒரு விலக்கு தரப்பட்டிருக்கிறது. பில் வருவது அந்த வழியில்தான். ஆகவே அது உங்களை யார் என்று காட்டாது, பிறந்த தேதியைக் காட்டாது. நீங்கள் இப்போது இந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்ற ஒன்றை மட்டும் காட்டுகிறது. 'இப்போது', 'நீங்கள்', 'இந்த இடம்' என்ற இந்த மூன்றைத்தான் அதிகாரி பில்லில் தேடுகிறார்.

'இப்போது' என்பதற்கு விதி வைத்திருக்கும் அளவு, பில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்பது. மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு கைப்பேசி, குழாய் எரிவாயு, தண்ணீர் ஆகிய ஐந்துக்கும் இதே அளவுதான். நீங்கள் அன்று காலை அச்செடுத்தது உண்மை. ஆனால் அந்தத் தாளின் ஓரத்தில் விழும் மே 14 என்பது உங்கள் கணினி போட்ட தேதி. பில்லின் வயது, மீட்டரில் அளவு எடுத்து பில் போட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. உங்கள் பில்லில் அது மார்ச் 12. இரண்டு மாதம் மே 12 அன்று முடிந்துவிட்டது. இரண்டு நாள் தாமதித்துப் போயிருக்கிறீர்கள்.

இந்தத் தேதிக் குழப்பத்தில் படித்தவர்களும் விழுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அச்சு மை காயாத தாளை என் மேசையில் வைத்து, "இதைவிடப் புதிய பில் உலகத்தில் இருக்க முடியுமா, தம்பி?" என்று கேட்டார். தாளில் நான்கு தேதிகள் இருந்தன: அளவு எடுத்த தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, அவர் பணம் கட்டிய தேதி, அச்செடுத்த தேதி. அவர் விரல் நான்காவதன் மேல் இருந்தது, எனக்கு வேண்டியது முதலாவது. கடைசித் தேதியையோ பணம் கட்டிய தேதியையோ வைத்து எண்ணினால் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைப்பதுபோல் தோன்றும். அப்படி எண்ணி ஒரு கிளை ஏற்றுக்கொண்டாலும், பெரும்பாலான வங்கிகளில் படிவம் பிறகு ஒரு மையப் பிரிவுக்குப் போகிறது. அங்கே வேறொருவர் பில் தேதியைப் படிவத் தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். அதற்குள் பத்து நாள் போயிருக்கும்.

இரண்டு மாதமா, அறுபது நாளா என்று கேட்பீர்கள். விதியில் இருப்பது இரண்டு மாதம். சில வங்கிகளின் மென்பொருள் அதை அறுபது நாளாக எண்ணுகிறது. மார்ச் 12 பில்லுக்கு இரண்டு மாதம் மே 12 வரை, அறுபது நாள் மே 11 வரை. ஜனவரி 5 தேதியிட்ட பில்லுக்குப் பிப்ரவரி குறைந்த நாள் மாதம் என்பதால் கணக்கு தலைகீழாகிறது: இரண்டு மாதம் மார்ச் 5, அறுபது நாள் மார்ச் 6. ஒரு நாள் வித்தியாசம்தான். ஆனாலும் கடைசி நாளில் போகிறவருக்கு அந்த ஒரு நாளே கதவை அடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அளவு எடுக்கிறார்கள் என்பதால் இது இன்னும் கூர்மையாகிறது. மாதந்தோறும் பில் வரும் கைப்பேசிக்கு எப்போதும் ஒரு புதிய பில் கையில் இருக்கும். மின் பில்லில் ஒன்று காலாவதியாகும் நாளும் அடுத்தது பிறக்கும் நாளும் ஏறத்தாழ ஒன்று. கணக்கெடுப்பாளர் நான்கு நாள் தாமதமாக வந்தால் அந்த நான்கு நாளும் உங்கள் கையில் செல்லத்தக்க மின் பில்லே இருக்காது. உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். மே மாத அளவு எடுத்தார்களா என்று மின்வாரிய இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். எடுத்திருந்தால் அந்தப் புதிய பில்லோடு போங்கள். எடுக்கவில்லை என்றால் காத்திருங்கள். பில் பிறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுப்பது நல்லது; மையப் பிரிவு ஏதாவது கேட்டுத் திருப்பினாலும் அதே பில்லை மறுபடி கொடுக்க நாள் மிச்சமிருக்கும்.

பில்லுக்குப் பதிலாகப் பணம் கட்டிய ரசீதைக் கொண்டுவருகிறவர்களும் நிறைய. ரசீது, பணம் வந்தது என்பதற்குச் சான்று; அதில் முகவரி முழுதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மறுபக்கம், தொகை பூஜ்யம் என்று இருக்கும் பில்லை வங்கி ஏற்காது என்று சிலர் பயப்படுகிறார்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் குறைவாகப் பயன்படுத்துகிறவருக்குப் பூஜ்யம் வருவது இயல்பு. தொகை எவ்வளவு என்றோ, கட்டியாயிற்றா என்றோ விதி கேட்கவில்லை. அப்படிப்பட்டவருக்கு ரசீதே இருக்காது, பில் இருக்கும், அது போதும்.

இனி பெயர். பில்லில் உள்ள பெயரைப் படிவத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. ஆதார், பான் அட்டை இரண்டோடும் சேர்த்துப் பார்ப்போம். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அது தந்தையின் பெயர். படிவமோ முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப்பெயர் என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறது. 'கே' என்ற எழுத்து கந்தசாமியாக விரிவது குறை அல்ல. செந்தில்குமார் சேர்ந்திருப்பதும் பிரிந்திருப்பதும் குறை அல்ல. உங்கள் ஆதாரில் தந்தை பெயராகக் கந்தசாமி இருந்து, பானில் செந்தில்குமார் கந்தசாமி என்று இருந்தால், பில்லில் உள்ள 'கே' யாருடையது என்பதற்கு அங்கேயே விடை இருக்கிறது. நானாக இருந்தால் ஏற்றிருப்பேன். உங்கள் அதிகாரி தயங்கியதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரே வீட்டில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் 'கே. செல்வம்' என்ற பில் இரண்டு பேரில் யாருடையது என்று தெரியாமல் நின்ற நாட்கள் எனக்கும் உண்டு.

எழுத்துக் கூட்டலில் வேறுபாடு வந்தால் நிலைமை சற்று மாறும். தமிழ்ச்செல்வி என்ற பெயரின் ழகரத்தை ஆதாரில் ஆங்கிலத்தில் 'இசட்-எச்' போட்டும், பில்லில் 'எல்' போட்டும் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஏற்பது பல வங்கிகளின் நடைமுறை. ஆனால் அது அந்தந்த வங்கியின் உள்விதி, நீங்கள் உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல. ரிசர்வ் வங்கியின் விதி பெயர் மாற்றத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வது ஒன்றுதான்: ஆவணம் வாங்கிய பிறகு பெயர் மாறியிருந்தால், மாநில அரசின் திருமணச் சான்றிதழையோ அரசிதழ் அறிவிப்பையோ சேர்த்துக் கொடுத்தால் பழைய பெயரில் உள்ள ஆவணமும் செல்லும்.

பில் வேறொருவர் பெயரில் இருந்தால் கதை வேறு. இறந்துபோன அப்பாவின் பெயரில், வீட்டுக்காரர் பெயரில், கட்டுநர் பெயரில், கணவர் பெயரில் என்று தமிழ்நாட்டில் எத்தனையோ இணைப்புகள் பெயர் மாற்றப்படாமல் இருக்கின்றன. அந்த பில் உங்கள் முகவரிச் சான்று ஆகாது. முன்பு, 2016இல் வந்த விதிகளில், உடன் வசிக்கும் உறவினரின் ஆவணத்தையும் அவருடைய உறுதிமொழியையும் சேர்த்து ஏற்கலாம் என்று ஒரு பகுதி இருந்தது. பிறகு வந்த திருத்தங்களில் அது போய்விட்டது. பழைய நினைவில் சில கிளைகளில் இன்னும் அப்படிச் சொல்லக்கூடும். மையப் பிரிவில் அது நிற்காது. தனியார் வீட்டு வாடகை ஒப்பந்தமும் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம், வங்கி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் போன்றவை தம் ஊழியருக்கு வீடு ஒதுக்கித் தரும் கடிதமும் அதற்கான ஒப்பந்தமும்தான் இருக்கின்றன. உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வீடு வாங்கியதும் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

முகவரிக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் உண்மையில் சிந்திக்க வேண்டியது இதுதான். நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். பில்லில் இல்லாத ஒன்று படிவத்தில் கூடுதலாக இருக்கலாம். பில்லில் இருப்பதற்கு முரணாகப் படிவத்தில் எதுவும் இருக்கக் கூடாது. மின் பில்லில் அஞ்சல் குறியீட்டு எண் இல்லாமல் இருப்பதும், தெருப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருப்பதும் சகஜம். படிவத்தில் நீங்கள் குறியீட்டு எண்ணையும் மாவட்டத்தையும் எழுதினால் அது நிரப்புவது. பில்லில் 'மனை எண் 22, பாரதி நகர்' என்றும் படிவத்தில் 'கதவு எண் 4/118, இரண்டாம் குறுக்குத் தெரு, பாரதி நகர்' என்றும் இருந்தால், இரண்டும் ஒரே வீடு என்பது உங்களுக்குத் தெரியும், அஞ்சல்காரருக்குத் தெரியும். மேசையில் இருப்பவருக்கு இரண்டு எண்கள்தான் தெரியும். மனைப்பிரிவு போட்டபோது தந்த எண்ணில் மின் இணைப்பு வாங்கியிருப்பார்கள். வீடு கட்டி வரி விதித்தபோது உள்ளாட்சி கதவு எண் கொடுத்திருக்கும். மின்வாரியத்தின் பதிவில் அது ஏறியே இருக்காது.

இதைத் தீர்க்க இரண்டு வழி. சுலபமானது, படிவத்தில் இரண்டு எண்களையும் எழுதுவது: 'மனை எண் 22, கதவு எண் 4/118' என்று ஒரே வரியில். புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் சேர்த்து எழுதி நாம் பழகியதுதானே. அப்போது பில்லில் உள்ளது முழுவதும் படிவத்தில் இருக்கும், முரண் மறையும். இரண்டையும் இணைத்துக் காட்டும் தாள் கேட்டால் சொத்து வரி ரசீது உதவும். மனை எண்ணும் கதவு எண்ணும் அதில் சேர்ந்தே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொத்து வரி ரசீது அதே விலக்குப் பட்டியலில் தனியாக இடம்பெற்றது, இரண்டு மாத வரம்பு அதற்குச் சொல்லப்படவில்லை. உங்கள் பெயரில் ரசீது இருந்தால் மின் பில்லை விட்டுவிட்டு அதையே கொடுக்கலாம்.

முகவரியை ஒட்டி நாங்கள் பார்க்கும் இன்னொன்று, பில்லில் உள்ள கட்டண வகை. வீட்டு இணைப்பு என்றால் ஒன்று-ஏ என்று இருக்கும். ஐந்தாம் வகை என்றால் வணிக இணைப்பு. வசிப்பிடம் என்று எழுதிய முகவரிக்கு வணிக பில் வந்தால், அது கடையா, மாடியில் வீடா என்று கேட்போம். சந்தேகம் தோன்றினால் இணைப்பு எண்ணை மின்வாரியத் தளத்தில் தட்டிப் பார்ப்போம். அந்த எண்ணில் மண்டலம், பிரிவு, பகிர்மானம், இணைப்பு என்று நான்கு பகுதி உண்டு. தாளில் பெயரை மாற்றி ஒட்டியவர் தளத்தில் உள்ள பெயரை மாற்ற முடியாது. அதனால் திரைப்பிடிப்பைக் காட்டாமல், இணைப்பு எண் தெளிவாகத் தெரியும் முழு பில்லை அச்செடுத்துக் கொடுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, உங்களுக்கு இந்த பில்லே தேவைப்படாமல் போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கிளையில் விரல் ரேகை வைத்து ஆதார் இ-கேஒய்சி முறையில் கணக்குத் தொடங்கினால், ஆதாரில் உள்ளதிலிருந்து வேறுபட்ட இப்போதைய முகவரியை நீங்களே கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்க விதி அனுமதிக்கிறது. ஆதார் அட்டையின் நகலைக் கொடுத்துத் தொடங்குகிறவருக்கு இந்தச் சலுகை இல்லை. பில் கேட்பது அங்கேதான். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்து முகவரி மட்டும் மாறியவரும் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். அந்த முகவரி சரிதானா என்று கடிதம் அனுப்பியோ ஆள் அனுப்பியோ இரண்டு மாதத்துக்குள் உறுதிசெய்வது வங்கியின் வேலை. ஆனால் விரும்பினால் ஆவணமும் கேட்கலாம் என்று வங்கிக்கு உரிமை தரப்பட்டிருப்பதால், கிளையில் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

பில்லைக் கொடுத்தே தொடங்குவது என்று முடிவெடுத்தால் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்லை ஏற்றுக்கொள்வது தற்காலிகமாகத்தான். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், புதிய முகவரி உள்ள அதிகாரபூர்வ ஆவணத்தைக் கொடுத்தாக வேண்டும். கணக்குத் திறந்த மகிழ்ச்சியில் இதை மறந்து, பிறகு பரிவர்த்தனை முடக்கப்பட்டு வந்து நின்றவர்கள் என் மேசையில் ஏராளம். உங்கள் மே மாத பில் மே 16 தேதியிட்டது என்று வைத்துக்கொள்வோம். மே 20 அன்று வங்கியில் கொடுக்கிறீர்கள். ஆகஸ்ட் 20க்குள் ஆதார் மாறியிருக்க வேண்டும். ஆதார் முகவரி மாற்றத்துக்கு மின் பில் மூன்று மாதத்துக்கு உட்பட்டிருந்தால் போதும் என்பதால் அதே பில் அங்கேயும் செல்லும், ஆகஸ்ட் 16 வரை. வங்கியிலிருந்து வீடு திரும்பியதும் ஆதார் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அங்கே முகவரியை எழுதும்போதும் மனை எண், கதவு எண் இரண்டையும் வங்கிப் படிவத்தில் எழுதிய அதே வரிசையில் எழுதுங்கள். ஆகஸ்டில் புதிய ஆதாரை வாங்கிப் பார்க்கும் அதிகாரி, மே மாதப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்.